நிற்குமா என்று சொல்லும் நிரல்

2008ஆம் ஆண்டின் கடைசி நாளில், மைக்ரோசாஃப்ட் விற்றுவந்த 'ஸூன்' என்ற பாட்டுக் கருவிகள் கூட்டங்கூட்டமாக உறைந்துபோயின. எல்லா மாடலும் அல்ல, 2006 நவம்பரில் வெளிவந்த 30 ஜிபி மாடல் மட்டும். சுவிட்சைப் போட்டால் தொடக்கப் படம் வரும், அதோடு சரி. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அசையாது. நிறுவனம் சொன்ன வைத்தியம் விசித்திரமாக இருந்தது. ஒன்றும் செய்யாதீர்கள், பேட்டரி தானாகத் தீரட்டும், ஜனவரி 1ஆம் தேதி கிரீன்விச் நேரப்படி நண்பகல் தாண்டியதும் சார்ஜ் போட்டு இயக்குங்கள் என்றார்கள். இயக்கினால் பாட்டு பாடியது. கருவிக்குள் ஒரு எழுத்தைக்கூட யாரும் திருத்தவில்லை. தேதி மாறியிருந்தது, அவ்வளவுதான்.

கோளாறு கடிகாரத்தைக் கவனிக்கும் சிறு நிரலில் இருந்தது. அந்தக் கடிகாரத்துக்கு ஆண்டு, மாதம் எதுவும் தெரியாது. 1980 ஜனவரி 1ஐ முதல் நாளாக வைத்து இன்று எத்தனையாவது நாள் என்பது மட்டும் தெரியும். அந்த எண்ணிலிருந்து ஆண்டைக் கண்டுபிடிக்கும் பகுதி சுருக்கமாக இப்படி:

```c
year = 1980;
while (days > 365) {
    if (IsLeapYear(year)) {
        if (days > 366) {
            days -= 366;
            year += 1;
        }
    } else {
        days -= 365;
        year += 1;
    }
}
```

நிரல்மொழி தெரியாதவர்களும் இதைப் படித்துவிடலாம். கையிலிருக்கும் நாள்கள் 365க்கு மேல் இருக்கும் வரை, அடைப்புக்குறிக்குள் இருப்பதைத் திரும்பத் திரும்பச் செய் என்கிறது `while`. இப்படித் திரும்பத் திரும்ப ஓடுவதைத்தான் லூப் என்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆண்டுக்குரிய நாள்களைக் கழித்து, ஆண்டில் ஒன்றைக் கூட்ட வேண்டும். சாதாரண ஆண்டுக்கு 365 கழியும், லீப் ஆண்டுக்கு 366.

2008 டிசம்பர் 31 என்பது இந்தக் கணக்கில் 10,593ஆவது நாள். 1980 முதல் 2007 வரையிலான 28 ஆண்டுகளுக்கு 10,227 நாள்களைக் கழித்துவிட்டால் மிச்சம் 366. இப்போது `year` 2008. 366 என்பது 365ஐவிடப் பெரியது, ஆகவே லூப் இன்னொரு சுற்று வருகிறது. 2008 லீப் ஆண்டுதான். ஆனால் 366 என்பது 366ஐவிடப் பெரியதல்ல. எனவே எதுவும் கழியவில்லை, ஆண்டும் கூடவில்லை. திரும்ப மேலே போகிறது. அதே 366, அதே 2008, அதே கேள்வி, அதே பதில். பேட்டரி சாகும் வரை இதேதான். மறுநாள் கணக்கு 367 ஆனதும் 366ஐக் கழிக்க முடிந்தது, மிச்சம் 1, ஆண்டு 2009, லூப் முடிந்தது. லீப் ஆண்டின் கடைசி நாளில் மட்டும் பல்லைக் காட்டும் பிழை இது. கருவி சந்தைக்கு வந்த பிறகு அப்படி ஒரு நாள் வந்தது அதுவே முதல் முறை என்பதால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை.

இந்தக் கதையைக் கேட்கும் எவருக்கும் ஒரு யோசனை வரும். விற்பனைக்கு முன்பே இதைப் பிடித்துத் தர ஒரு சோதனை நிரல் இருந்திருக்கக் கூடாதா? எந்த நிரலையும் அதற்குத் தரப்போகும் உள்ளீட்டையும் அதனிடம் கொடுத்தால், "இது ஒருநாள் நிற்கும்" அல்லது "இது நிற்கவே நிற்காது" என்று சொல்ல வேண்டும். தவறாமல் சொல்ல வேண்டும், எல்லா நிரலுக்கும் சொல்ல வேண்டும். கேட்பதற்கு நியாயமான விருப்பமாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு சோதனை நிரலை எழுதவே முடியாது என்பது 1936ஆம் ஆண்டிலிருந்து தெரிந்த விஷயம். இதைக் கணினித் துறையில் 'ஹால்ட்டிங் பிராப்ளம்' என்கிறார்கள். தமிழில் நிறுத்தச் சிக்கல் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தோன்றும் வழி, நிரலை ஓட்டிப் பார்ப்பது. நின்றுவிட்டால் பதில் கிடைத்துவிட்டது. நிற்காவிட்டால்? ஒரு மணி நேரம் ஓடிய நிரல் அடுத்த நிமிடம் நிற்கலாம், அடுத்த ஆண்டு நிற்கலாம், நிற்காமலே போகலாம். காத்திருந்து "நிற்கும்" என்று தெரிந்துகொள்ள முடியும். காத்திருந்து "நிற்காது" என்று தெரிந்துகொள்ள வழியில்லை. ஆகவே சோதனை நிரல் ஓட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், எழுதியிருப்பதைப் படித்து, புரிந்துகொண்டு, தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று காட்ட ஒரு நிரல் போதும். 2ஐவிடப் பெரிய ஒவ்வொரு இரட்டைப்படை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுதிவிடலாம் என்பது கோல்ட்பாக்கின் ஊகம். 10 என்றால் 3 + 7, 28 என்றால் 5 + 23. 1742இல் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் தொடங்கியது. 4க்குப் பக்கத்தில் 18 சைபர் போட்ட எண் வரை கணினி வைத்துச் சரிபார்த்துவிட்டார்கள், எல்லாம் ஒத்துவருகிறது. ஆனாலும் நிரூபணம் இல்லை. இப்போது 4, 6, 8 என்று வரிசையாகப் போய், அப்படி எழுத முடியாத எண் ஒன்று கிடைத்தால் மட்டும் நிற்கும் நிரலை எழுதுவோம். பள்ளி மாணவர் ஒருவரே பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடுவார். இது நிற்குமா? ஊகம் பொய்யென்றால் நிற்கும், மெய்யென்றால் நிற்காது. நமது சோதனை நிரல் கையில் இருந்தால், இதை அதனிடம் நீட்டிவிட்டு, கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகளாகத் தீராத கணக்குக்கு விடையை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். இதே மாதிரி இன்னும் பல தீராத கணக்குகளை நிரலாக மாற்றி வரிசையில் நிறுத்தலாம். அத்தனைக்கும் விடை சொல்லும் ஒரே பெட்டி என்றால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஆனால் சந்தேகம் நிரூபணமாகாது. கடினமான வேலை என்பதற்கும் நடக்காத வேலை என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் உண்டு. அந்தத் தூரத்தைத் தாண்டும் வாதம் வியக்கத்தக்க அளவுக்குச் சிறியது.

பிரிட்டிஷ் கணினி அறிஞர் கிறிஸ்டோஃபர் ஸ்ட்ரேச்சி 1965இல் 'தி கம்ப்யூட்டர் ஜர்னல்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். 1953இல் ஒரு மாநாட்டுக்கு ரயிலில் போகும்போது ஆலன் டூரிங் இந்த நிரூபணத்தைத் தனக்கு வாய்மொழியாகச் சொன்னதாகவும், உடனேயே அதன் விவரங்களை மறந்துவிட்டதாகவும் அதில் சொல்கிறார். ரயில் பெட்டிப் பேச்சில் அடங்கிவிடும் நிரூபணம் என்பதே ஒரு தகவல்தான். ஸ்ட்ரேச்சி கொடுத்த வடிவம் நாலைந்து வரி. அதே யோசனையை இன்றைய பைத்தான் மொழியில் இப்படி எழுதலாம்.

விரும்பிய சோதனை நிரல் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பெயர் `nirkum`. `nirkum(p, x)` என்று கேட்டால், `p` என்ற நிரலுக்கு `x` என்ற உள்ளீட்டைக் கொடுத்து ஓட்டினால் அது நிற்குமானால் `True` என்றும், நிற்காதென்றால் `False` என்றும் சொல்லும். இதை வைத்து இன்னொரு நிரல் எழுதுகிறோம்:

```python
def ethir(p):
    if nirkum(p, p):
        while True:
            pass
    else:
        return
```

இதன் குணம் பெயரிலேயே இருக்கிறது. ஒரு நிரலை வாங்கிக்கொள்ளும். அந்த நிரலுக்கு அதையே உள்ளீடாகக் கொடுத்தால் நிற்குமா என்று `nirkum`ஐக் கேட்கும். நிற்கும் என்று பதில் வந்தால், `while True` என்ற முடிவில்லா லூப்புக்குள் தானே போய் விழும். நிற்காது என்று வந்தால் உடனே நின்றுவிடும். நிரலுக்கு நிரலை உள்ளீடாகக் கொடுப்பது தந்திரம் போலத் தோன்றலாம். அதில் மாயம் ஒன்றும் இல்லை. நிரல் என்பது எழுத்துகள் அடங்கிய ஒரு கோப்பு. வேர்டு மென்பொருளில் எந்தக் கோப்பையும் திறப்பது போல, ஒரு நிரலுக்கு எந்தக் கோப்பையும் கொடுக்கலாம், அதன் சொந்தக் கோப்பையும் கொடுக்கலாம்.

இப்போது `ethir`க்கு `ethir`ஐயே கொடுத்து ஓட்டுகிறோம். இது நிற்குமா?

`nirkum` இதற்கு "நிற்கும்" என்று சொன்னால், `ethir` முடிவில்லா லூப்பில் விழுகிறது, அதாவது நிற்காது. சொன்னது தவறு. "நிற்காது" என்று சொன்னால், `ethir` அடுத்த வரியிலேயே நின்றுவிடுகிறது. அதுவும் தவறு. பதிலே சொல்லாமல் `nirkum` யோசித்துக்கொண்டே இருந்தால், தவறாமல் பதில் சொல்லும் நிரல் என்ற நம் நிபந்தனையை மீறிவிட்டது. நான்காவது வாய்ப்பு இல்லை. எனவே நாம் இருப்பதாக வைத்துக்கொண்ட `nirkum` இருக்க முடியாது. `nirkum` உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று இந்த வாதம் ஓரிடத்திலும் கேட்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு வேகமான கணினி, எவ்வளவு புத்திசாலித்தனமான முறை, நாளை வரப்போகும் எந்த நுட்பம் என்றாலும் இதே கதிதான்.

முதல் முறை படிக்கும்போது இது வார்த்தை விளையாட்டு போலத்தான் படும். அதனால் உண்மையில் எழுதக்கூடிய இரண்டு சோதனை நிரல்களை `ethir` எப்படி மாட்டிவிடுகிறது என்று பார்த்துவிடலாம். முதலாவது சோம்பேறிச் சோதனை. கொடுத்த நிரலின் எழுத்துக்குள் `while True` இருந்தால் "நிற்காது" என்று சொல்லும், இல்லாவிட்டால் "நிற்கும்" என்று சொல்லும். இதை `nirkum` இடத்தில் வைத்து `ethir`ஐ எழுதி, அதற்கு அதையே கொடுக்கிறோம். `ethir`இன் எழுத்தில் `while True` கண்ணுக்கு நேரே இருக்கிறது. சோதனை "நிற்காது" என்கிறது. `ethir` உடனே நிற்கிறது. சோதனை தோற்றது.

இரண்டாவது கொஞ்சம் பொறுமையான சோதனை. கொடுத்த நிரலைப் பத்து லட்சம் படிகள் ஓட்டிப் பார்க்கும், அதற்குள் நின்றால் "நிற்கும்", இல்லையென்றால் "நிற்காது". இதை உள்ளே வைத்தால், `ethir` தன் வேலையை முடிக்க முதலில் இந்தச் சோதனை முடிய வேண்டும், அதற்கே பத்து லட்சம் படிக்கு மேல் பிடிக்கும். ஆகவே பத்து லட்சம் படிக்குள் `ethir` நிற்பதைச் சோதனையால் பார்க்க முடியாது. "நிற்காது" என்று அறிவிக்கிறது. அதைக் கேட்டதும் `ethir` நிற்கிறது, பத்து லட்சத்தைத் தாண்டிய சில படிகளில். வரம்பைக் கோடி ஆக்கினால் கோடியைத் தாண்டி நிற்கும். சோதனை எவ்வளவு தூரம் பார்க்கிறதோ, அதற்கு ஓரடி அப்பால் `ethir` இருக்கும், ஏனென்றால் அது அந்தச் சோதனையையே வயிற்றில் சுமந்துகொண்டிருக்கிறது.

டூரிங் இதை முதலில் கண்டபோது கணினி என்ற பொருளே கிடையாது. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இருந்த அவருக்கு அப்போது இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும் அது நிரூபிக்கத்தக்கதா என்று இயந்திரத்தனமாகத் தீர்மானிக்கும் ஒரு வழிமுறை உண்டா என்பது ஹில்பர்ட்டும் ஆக்கர்மானும் 1928இல் முன்வைத்த கேள்வி. மேக்ஸ் நியூமன் என்ற பேராசிரியரின் வகுப்பில் இதைக் கேட்ட டூரிங், 'இயந்திரத்தனமாக' என்றால் என்ன என்று வரையறுக்க ஒரு கற்பனை இயந்திரத்தை உருவாக்கினார். நீளமான நாடா, அதில் கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறி, குறியைப் படித்து மாற்றி இடமோ வலமோ நகரும் ஒரு தலை. இன்றைய நிரல்கள் எல்லாம் செய்வதை அந்த இயந்திரமும் செய்யும், மெதுவாக. 1936 கட்டுரையில் அந்த இயந்திரங்களைப் பற்றித்தான் முடியாது என்று காட்டினார். அமெரிக்காவில் அலன்சோ சர்ச் வேறொரு வழியில் அதே ஆண்டு அதே விடையை எட்டியிருந்தார்.

ஒரு வேடிக்கை. அந்தக் கட்டுரையில் 'நிற்பது' நல்ல விஷயமே அல்ல. டூரிங்கின் இயந்திரங்கள் ஓர் எண்ணின் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டுக்கொண்டே போக வேண்டியவை. முடிவின்றி ஓடுவதுதான் அவற்றுக்கு ஆரோக்கியம், சிக்கி நின்றுவிடுவது நோய். நிற்குமா நிற்காதா என்று கேட்கும் இன்றைய வடிவமும் பெயரும் 1950களில்தான் வந்தன. வாதத்தின் எலும்புக்கூடு ஒன்றே.

இதற்கு மறுப்பாகப் பலர் கேட்பது: "`ethir` என்ற குறும்புக்கார நிரலை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றுக்குச் சோதனை எழுதினால் என்ன?" ஒதுக்குவதற்கு முதலில் அடையாளம் தெரிய வேண்டும். மாறிகளின் பெயரை மாற்றி, நடுவில் பயனற்ற வரிகளைச் செருகி, அதே குணத்தோடு எண்ணற்ற `ethir`களை எழுதலாம். "இந்த நிரல் `ethir` நடந்துகொள்வது போலவே நடந்துகொள்ளுமா" என்று எப்போதும் சரியாகச் சொல்லும் நிரலும் சாத்தியமில்லை. 1953இல் ஹென்றி ரைஸ் நிரூபித்த தேற்றம் அதைச் சொல்கிறது. நிரல் என்ன செய்யும் என்பதைப் பற்றிய எந்தச் சுவாரசியமான கேள்வியை எடுத்தாலும், எல்லா நிரலுக்கும் பதில் சொல்லும் நிரல் இல்லை. வைரஸா இல்லையா என்பதும் இதில் அடக்கம்.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. நிரூபணம் எல்லையில்லா நாடா கொண்ட கற்பனை இயந்திரத்தைப் பற்றியது, நம் மேசைமேல் இருப்பதற்கோ நினைவகம் அளவுக்குட்பட்டது. வெளியிலிருந்து எதுவும் வாங்காமல் ஓடும் நிரலின் நினைவக நிலை ஒருமுறை வந்தது மறுபடி அப்படியே வந்தால், அது சுற்றில் மாட்டிக்கொண்டது உறுதி. ஸூன் கருவியில் நடந்ததும் அதுதானே. ஆகவே எல்லா நிலைகளையும் பார்த்து முடித்தால் பதில் கிடைத்தாக வேண்டும்! சரிதான், கொள்கையளவில் கிடைக்கும். ஆனால் ஒரே ஒரு கிலோபைட் நினைவகத்தில் 8,192 பிட்டுகள் உண்டு. அவை எடுக்கக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையை எழுதினால் 2,467 இலக்கங்கள் வரும். நாம் காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கையாகச் சொல்லப்படுவது எண்பது இலக்க அளவில்தான். இன்றைய ஒரு சாதாரண செல்பேசியில் இருப்பது சில கோடி பைட் அல்ல, பல நூறு கோடி பைட். அந்த மறுப்பு ஜெயிக்கிறது, ஆனால் ஜெயித்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

அப்படியானால் லூப்பைச் சோதிக்கும் கருவிகளே இல்லையா? இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. முடியாது என்று நிரூபணமானது "எல்லா நிரலுக்கும், எப்போதும் ஆம் அல்லது இல்லை" என்பதுதான். "தெரியவில்லை" என்ற மூன்றாவது பதிலுக்கு இடம் கொடுத்துவிட்டால் `ethir`ஆல் அந்தச் சோதனையைப் பொய்யாக்க முடியாது. பிறகு கேள்வி, எவ்வளவு குறைவாகத் "தெரியவில்லை" சொல்கிறது என்பதே. குறிப்பிட்ட ஒரு நிரல் நிற்கும் என்று காட்டும் வழியையும் தந்தவர் டூரிங்தான் என்பது பலருக்குத் தெரியாது.

1949 ஜூனில் கேம்பிரிட்ஜில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் அவர் வாசித்த கட்டுரை சில பக்கங்கள்தான். பெருக்கல் செய்யத் தெரியாத, கூட்டல் மட்டும் தெரிந்த ஒரு கணினியில் `n!` கண்டுபிடிக்கும் நிரலை எடுத்துக்கொள்கிறார். ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப். இது நிற்கும் என்று காட்ட அவர் சொல்லும் வழி: நிரல் ஒவ்வொரு படி ஓடும்போதும் கட்டாயம் குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் கண்டுபிடி. அந்த அளவு சைபருக்குக் கீழே போக முடியாது என்றால் நிரல் என்றாவது நின்றே தீர வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக லூப் இருந்தால் அந்த அளவு எப்படி இருக்கும்? தேர்வு அறையில் மிச்ச நேரம் காட்டும் மின் கடிகாரத்தைப் போல. நிமிடம் சைபருக்கு வந்ததும் 59க்குத் தாவி ஏறும், ஆனால் அதே நொடியில் மணி ஒன்று குறைந்திருக்கும், மொத்தத்தில் மிச்ச நேரம் குறைந்துகொண்டேதான் போகும். டூரிங்கின் கட்டுரையில் வெளி லூப் மணி, உள் லூப் நிமிடம். அவர் எழுதிய அளவு:

```
2^80 (n − r) + 2^40 (r − s) + k
```

`r` வெளி லூப்பின் எண்ணிக்கை, `s` உள் லூப்பினுடையது, நிரல் எந்தப் பெட்டியில் நிற்கிறது என்பதைக் காட்டுவது `k`. 2^40 எப்படி வந்தது என்றால், அவர் மனத்திலிருந்த கணினியில் ஓர் எண்ணுக்கு 40 பிட் இடம். அதற்குள் அடங்கும் எந்த எண்ணும் அடுத்த தட்டின் ஒன்றைவிடச் சிறியதாகவே இருக்கும்.

இந்தக் கண்ணோடு கடிகார நிரலைப் பார்த்தால் பிழை தானாக எழுந்து வரும். அங்கே குறைய வேண்டிய அளவு `days`. லூப்பின் ஒரு சுற்றில் போகக்கூடிய பாதைகள் மூன்று. சாதாரண ஆண்டுப் பாதையில் 365 குறைகிறது. லீப் ஆண்டில் 366க்கு மேல் இருந்தால் 366 குறைகிறது. லீப் ஆண்டில் சரியாக 366 இருந்தால் ஒன்றும் குறையவில்லை. மூன்றாவது பாதையை ஒரு சோதனைக் கருவி சுட்டிக்காட்டிவிடும், எந்தத் தேதியில் அது நடக்கும் என்று யாரும் யோசிக்காமலே. மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்திலேயே பைரன் குக்கும் சகாக்களும் 2006 வாக்கில் 'டெர்மினேட்டர்' என்ற கருவியை இந்த வழியில் உருவாக்கி, விண்டோஸின் சாதன இயக்கி நிரல்களைச் சோதித்தார்கள். குறையும் அளவைக் கருவியே தேடிக் கண்டுபிடிக்கும். கிடைத்தால் "நிற்கும்". கிடைக்காவிட்டால் சந்தேகப்படும் பாதையைக் காட்டும்.

கிடைக்காத இடம் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிடச் சிறிய உதாரணம் எனக்குத் தெரியாது:

```python
while n != 1:
    if n % 2 == 0:
        n = n // 2
    else:
        n = 3*n + 1
```

எண் இரட்டைப்படையென்றால் பாதியாக்கு, ஒற்றைப்படையென்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, 1 வந்ததும் நில். 6இல் தொடங்கினால் 3, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று எட்டுப் படியில் முடிகிறது. 27இல் தொடங்கிப் பாருங்கள், 9,232 வரை ஏறி இறங்கி, 111 படிக்குப் பிறகே 1ஐத் தொடும். எங்கே தொடங்கினாலும் 1க்கு வந்துவிடும் என்பது கொலாட்ஸ் ஊகம். 2020இல் வெளியான ஒரு கணக்கீட்டில் 2^68 வரையிலான எல்லா எண்களையும் சோதித்துவிட்டார்கள், எல்லாம் இறங்கிவிடுகின்றன. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் குறையும் ஓர் அளவை இதுவரை யாரும் இந்த ஐந்து வரிக்குக் கண்டுபிடிக்கவில்லை. `n` தானே குறையவில்லை, ஏறுகிறதே! இந்த நிரலுக்கு எந்தச் சோதனைக் கருவியும் இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது "தெரியவில்லை" மட்டும்தான்.

"தெரியவில்லை" என்ற பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அந்தந்த இடத்தைப் பொறுத்தது. நிரல் நின்றுபோனால் எரிச்சலோடு முடிந்துவிடும் இடத்தில், ஓடவிட்டு, பதில் வராவிட்டால் நிறுத்திவிடுகிறார்கள். நிரல் எழுதும் போட்டிகளில் நேரம் தீர்ந்ததும் விடையை நிராகரிப்பது இதுதான். லினக்ஸ் இயங்குதளத்தின் நடு மையமான கெர்னலுக்குள் அப்படி விட முடியாது. அங்கே ஒரு லூப் மாட்டினால் மொத்த இயந்திரமும் மாட்டும். வெளியிலிருந்து வரும் சிறு நிரல்களைக் கெர்னலுக்குள்ளேயே ஓடவிட அதில் ஈபிபிஎஃப் என்றொரு வசதி உண்டு. வலைப்பின்னல் போக்குவரத்தைக் கண்காணிக்க இன்று பெரிதும் பயன்படுவது. உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொரு நிரலையும் வெரிஃபையர் என்ற சோதனைப் பகுதி படித்துப் பார்க்கும். சந்தேகம் வந்தால் அது எடுக்கும் முடிவு ஒன்றே, கதவைச் சாத்துவது.

ஆரம்ப ஆண்டுகளில் அது லூப்பையே அனுமதிக்கவில்லை. பின்னோக்கித் தாவும் ஒரு கட்டளை கண்ணில் பட்டாலே `back-edge` என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். பத்து முறை சுற்ற வேண்டிய வேலைக்கு, அதே வரிகள் பத்து முறை நகலாகும்படி கம்பைலரிடம் சொல்லிச் சமாளித்தார்கள். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்துதான், முடிவுக்கு வருவது தெரியும் லூப்புகளை ஏற்றுக்கொண்டது. தெரிந்துகொள்ளும் விதம் முரட்டுத்தனமானது. ஒவ்வொரு சுற்றையும் தானே நடந்து பார்க்கும். ஏற்கெனவே கண்ட நிலை எந்த மாற்றமும் இல்லாமல் திரும்ப வந்தால் `infinite loop detected` என்று நிராகரிக்கும். அப்படி நடந்து பார்க்கும் கட்டளைகள் பத்து லட்சத்தைத் தாண்டினால், நிரல் மிகப் பெரியது என்று சொல்லி அதையும் நிராகரிக்கும். தாண்டிய நிரல் உண்மையில் நல்ல நிரலாக இருக்கலாம், அடுத்த கட்டளையிலேயே முடிந்திருக்கலாம். வெரிஃபையருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எழுதியவர்தான் லூப்பின் உச்ச வரம்பை இன்னும் வெளிப்படையாகக் காட்டியோ, நிரலை இரண்டாக உடைத்தோ, வேறு விதமாக எழுதி மறுபடி கொண்டுவர வேண்டும்.